படம் பிடிக்கிறவள் போட்ட வட்டம்

சொந்தத்தில் யாருக்கு இருமல் வந்தாலும் டாக்டருக்கு முன்னால் தெரிந்துபோவது அவளுக்குத்தான். காலையில் போனைத் திறந்தால் யாரோ ஒருத்தருடைய நெஞ்சு அதில் கிடக்கும். ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்த ஃபிலிம், அதன் மேல் கம்பிகளின் நிழல், ஓரத்தில் பிடித்திருப்பவரின் கட்டை விரல். கீழே ஒரே கேள்வி: "இதுல என்ன தெரியுது?" நல்லாயிருக்கியா, சாப்பிட்டியா என்று ஒரு வார்த்தை கிடையாது. நெஞ்சை அனுப்பினால் போதும் என்று நினைப்பு.

ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அவளுக்கு. அங்கே எல்லாருக்கும் அவள் எக்ஸ்ரே அக்கா. வீட்டில் பெரியவள். மூத்த மருமகள் என்பதால் அந்தப் பெயர். வாய் கொஞ்சம் நீளம், கோபம் அதைவிட நீளம். ஆனால் வேலையில் கை சுத்தம். மூச்சை இழுத்துப் பிடிக்கத் தெரியாத கிழவரைக்கூட ஒரே படத்தில் முடித்து அனுப்பிவிடுவாள். படம் கேட்டு வருகிற சொந்தக்காரர்களுக்கு அவள் வைத்திருந்த பதிலும் ஒன்றுதான்.

"நான் படம் பிடிக்கிறவ. படிக்கிறவங்க வேற. ரிப்போர்ட் வாங்குங்க."

பிடிக்கிறது, படிக்கிறது என்று அவள் சொல்கிற தோரணையில் சிலர் சிரிப்பார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். "பெரிய ரகசியம்! பத்து வருஷமா இதே வேலை, ஒரு வார்த்தை சொன்னா முத்தா உதிர்ந்துடும்?" என்று மாமியார் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறாள். அவள் அசைந்து கொடுத்ததில்லை. கொடுக்காமலே இருந்திருக்கலாம்.

அந்த வீடு ரெண்டு தட்டு. மாடியில் பெரியவள், அவள் புருஷன், பள்ளிக்கூடம் போகிற மகள். கீழே மாமியார், கொழுந்தன், கொழுந்தன் பெண்டாட்டி சின்னவள், அவர்களுடைய ஒரு வயசுப் பையன். ஏறி இறங்க வெளியே ஒரே படிக்கட்டு. அந்தப் படிக்கட்டில் ஓரகத்திகள் இரண்டு பேரும் எதிரே வந்தால், ஒருத்தி சுவரைப் பார்ப்பாள், ஒருத்தி தெருவைப் பார்ப்பாள். ரெண்டு வருஷமாக இப்படித்தான்.

காரணம் சின்னதில்லை. பெரியவளுக்கு ரெண்டாவது கரு மூன்றாம் மாதம் கலைந்தபோது, வந்திருந்த பெண்களுக்கு நடுவே சின்னவள் சொன்னாள்: "எக்ஸ்ரே ரூம்ல நின்னு நின்னு வயிறு வெந்துபோச்சு, பின்ன எங்க தங்கும்?" கெட்ட எண்ணத்தில் சொன்னாளோ, விவரம் தெரியாமல் சொன்னாளோ, உள்ளே கட்டிலில் படுத்திருந்தவள் காதில் அது விழுந்துவிட்டது. ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறவள், சட்டையில் கதிர் அளக்கிற பட்டை மாட்டிக்கொண்டு, மாதா மாதம் அதன் கணக்கைப் பார்க்கிறவள், அந்தக் கணக்கில் ஒரு குறையும் இல்லாதவள். ஆனால் இதையெல்லாம் யாரிடம் போய் விளக்குவது? நெல்லைக் கொட்டினால் அள்ளிவிடலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? அன்றைக்கு மூடிய வாய்தான். கீழ்வீட்டில் பிள்ளை பிறந்தபோதும் போய்ப் பார்த்தாள், தொட்டிலைப் பார்த்தாள், தாயைப் பார்க்கவில்லை.

அப்படிப்பட்ட சின்னவளிடமிருந்துதான் ஒரு மத்தியானம் போனில் படம் வந்தது.

"அக்கா, இதுல என்ன தெரியுது?"

பெரியவள் சென்டரில் அடுத்த ஆளுக்காகக் காத்திருந்தாள். முதலில் அவள் கண்ணில் பட்டது படம் இல்லை, அந்த 'அக்கா'. ரெண்டு வருஷமாக வராத அக்கா. காரியம் ஆகவேண்டும் என்றால் கழுதைக்கும் அக்கா பட்டம் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்தடுத்து குரல் பதிவுகள் வந்தன. வேலைக்குப் போகிறவர்கள் பகலில் பிள்ளைகளை விட்டுப் போகிற ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சின்னவள் வேலை பார்க்கிறாள். அங்கே வேலை செய்கிற எல்லாருக்கும் ஒரு வண்டியை வரவழைத்து நெஞ்சுப் படம் எடுத்திருக்கிறார்கள். ஃபிலிமைக் கவரில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு, ரிப்போர்ட் ஒரு வாரத்தில் வரும் என்று சொல்லிவிட்டு வண்டி போய்விட்டது. வெளியூர் போயிருந்த காப்பகத்து முதலாளி அம்மா பொறுக்கமாட்டாமல், எல்லாரும் ஃபிலிமைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறாள். சின்னவள் அனுப்பிய போட்டோவில் நடு நெஞ்சில் வெள்ளையாக ஒரு பட்டை. "இது என்ன வெள்ளை? தெளிவாகுற வரைக்கும் நீ வரவேண்டாம்" என்று பதில் வந்துவிட்டது.

"குழந்தைங்க இருக்கிற இடம்க்கா, வேலையே போயிடும் போலிருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா." அழுகிற குரல்.

வழக்கமான பதிலைத்தான் பெரியவள் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். ரிப்போர்ட் வாங்கு. பாதியில் விரல் நின்றது. படத்தை விரித்துப் பார்த்தாள். பார்த்ததும் சிரிப்பு வந்தது. இதயத்தின் நுனி தப்பான பக்கம் திரும்பி இருந்தது. ஃபிலிமைப் பின்பக்கமாகத் திருப்பிப் பிடித்துப் படம் எடுத்திருக்கிறாள் மகராசி. அந்த வெள்ளைப் பட்டையோ விலாவைத் தாண்டி, தோளைத் தாண்டி, உடம்பே இல்லாத கறுப்பு ஓரம் வரைக்கும் நீண்டிருந்தது. எந்த நோயும் உடம்புக்கு வெளியே போய் நிற்காது. ஃபிலிமின் பளபளப்பில் விழுந்த டியூப் லைட்டின் வெளிச்சம் அது. இது தெரியாமல் ஒருத்தி வேலையை நிறுத்துகிறாள், இன்னொருத்தி ஒப்பாரி வைக்கிறாள்.

இங்கேயே நிறுத்தியிருந்தால் அவள் கெட்டிக்காரி. ரெண்டு விஷயம் சரியாகக் கண்டுபிடித்தாயிற்று. ஆனால் தெரிந்தவளுக்குத் தெரிந்ததோடு நிற்கத் தெரிய வேண்டுமே! படத்தை இன்னும் விரித்தாள். மேலே, கழுத்துப்பட்டை எலும்புக்குக் கீழே, ஒரு பக்கம் மட்டும் பட்டாணி அளவுக்கு வெளுப்பாக ஒன்று. அந்தப் பக்கம் இருக்கிறது, இந்தப் பக்கம் இல்லை. நுரையீரலின் உச்சி. டி.பி. வந்து உட்காருகிற இடம் என்று படிக்கும்போது சொல்லிக் கொடுத்த இடம்.

அவளுக்குப் பகீர் என்றது, உண்மைதான். அதோடு இன்னொன்றும் இருந்தது. ஒரு சந்தோஷம். இத்தனூண்டு, கடுகளவு, ஆனால் சந்தோஷமேதான். என் வயிறு வெந்துபோச்சா? உன் நெஞ்சைப் பாருடி. அப்படி வாய் சொல்லவில்லை, மனசு சொன்னது. போனில் படத்தின் மேல் எழுதுகிற வசதி இருக்கிறது. சிவப்பைத் தேர்ந்தெடுத்து, விரலால் அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். கீழே எழுதினாள்: "அந்த வெள்ளைப் பட்டை லைட்டு வெளிச்சம், பயப்படாதே. ஃபிலிமைத் திருப்பிப் பிடிச்சிருக்கே. ஆனா வட்டம் போட்ட இடத்துல ஏதோ இருக்கு. ரிப்போர்ட் வாங்கு."

அனுப்பிவிட்டு அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டாள்.

சின்னவள் முதல் வரியைப் படித்தாள். லைட்டு வெளிச்சம். பயப்படாதே. போன உயிர் திரும்பி வந்த வேகத்தில் மீதியைப் படிக்காமலே, அதை அப்படியே காப்பகத்து அம்மாவுக்குத் திருப்பி அனுப்பிவிட்டாள். "பாருங்க மேடம், எங்கக்கா எக்ஸ்ரேல வேலை பாக்குறாங்க, லைட்டுன்னு சொல்லிட்டாங்க" என்று பெருமை வேறு. தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொண்டாள்.

காப்பகத்து அம்மா கடைசி வரைக்கும் படித்தாள். வட்டத்தையும் பார்த்தாள். அவளும் சும்மா இருக்கவில்லை, பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குச் சொல்லிவிட்டாள். கொழுந்தன் அதைக் குடும்பத்து குரூப்பில் போட்டு, "அண்ணி வட்டம் போட்டிருக்காங்க, என்ன அர்த்தம்?" என்று கேட்டான். அவ்வளவுதான். வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்தது. ஒருத்தர் டி.பி. என்றார், ஒருத்தர் கட்டி என்றார், இன்னொருத்தர் தன் சிநேகிதருக்கும் இதே இடத்தில்தான் ஆரம்பித்தது என்று அவர் செத்த கதையைப் பதிவு போட்டுச் சொன்னார். 'ரிப்போர்ட் வாங்கு' என்ற வரி அந்த வட்டத்தோடு ஒட்டிக்கொண்டு போகவே இல்லை. வட்டம் மட்டும் வீடு வீடாகப் போயிற்று.

சாயங்காலம் பெரியவள் வீடு திரும்பியபோது கீழ்வீட்டு வாசலில் சின்னவளுடைய தட்டும் தம்ளரும் தனியாகக் கழுவிக் கவிழ்த்திருந்தன. பின்கட்டு அறையில் அவளை உட்கார வைத்துவிட்டார்கள். பையன் மாமியார் இடுப்பில். திமிறிக்கொண்டு அழுகிறான்.

"பாலுக்கு அழறான் அத்தை, ஒரு தடவை கொடுத்துட்டுத் தந்துடறேன்" என்று உள்ளேயிருந்து சின்னவள் குரல்.

"உன் வியாதியையும் சேத்துக் குடிக்கட்டும்னா? பெரியவளே வட்டம் போட்டுட்டா, இன்னும் என்ன? பாட்டில் பால் குடிச்சா செத்தா போயிடுவான்?"

பெரியவளே வட்டம் போட்டுட்டா. வீட்டில் முதல் தடவையாக அவள் வேலைக்கு மரியாதை கிடைத்தது. "அத்தை, நான் ரிப்போர்ட் வாங்கச் சொன்னேன். டி.பி.ன்னு சொல்லல" என்றாள்.

"பின்ன எதுக்கு வட்டம் போட்டே? கோலம் போடவா?"

பின்கட்டு ஜன்னலில் சின்னவளின் முகம் தெரிந்தது. இந்தத் தடவை அவள் தெருவையும் பார்க்கவில்லை, சுவரையும் பார்க்கவில்லை. நேராகப் பெரியவளைத்தான் பார்த்தாள்.

"பழி தீர்த்துட்டீங்கள்ல? நல்லா இருங்க."

"வாயை அளந்து பேசு. கேட்டே, சொன்னேன்."

"சொல்றதா இருந்தா எல்லாத்தையும் சொல்லணும், இல்லேன்னா வாயை மூடிட்டு இருக்கணும். ஏதோ இருக்கு! என்னது இருக்கு? சொல்லுங்க, என்னது?"

பெரியவள் மாடிப்படி ஏறிவிட்டாள். அந்தக் கேள்விக்கு அவளுக்கு உண்மையாகவே விடை தெரியாது. விடை தெரியாத இடத்தில்தான் வட்டம் போட்டிருந்தாள்.

அடுத்து வந்த நாட்களில் தரை வழியாகப் பையனின் அழுகை மேலே வந்துகொண்டே இருந்தது. சோறு பிசையும்போது அழுகை, துணி மடிக்கும்போது அழுகை. பாட்டிலைத் தட்டிவிட்டுத் தட்டிவிட்டு அழுதான். பிறகு குடிக்க ஆரம்பித்தான் போலிருக்கிறது, அழுகை குறைந்தது. அழுகை குறைந்தது பெரியவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. மகள் கேட்டாள், "அம்மா, சித்திகிட்ட போகக்கூடாதுன்னு பாட்டி சொல்றாங்க. நீதான் சொன்னியாமே?"

"நான் ஒண்ணும் சொல்லல, போய் வேலையைப் பாரு" என்று சீறினாள். புருஷனோ, "உங்க சண்டையில என்னை இழுக்காதே" என்று டி.வி. சத்தத்தைக் கூட்டிவைத்தான். காப்பகத்திலிருந்தும் வேலையைப் பற்றி ஒரு பேச்சில்லை.

பொறுக்கமுடியாமல் ஒரு நாள் பெரியவள் போனை எடுத்துக்கொண்டு ரிப்போர்ட் டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள். அந்த சென்டரில் எடுக்கிற படங்களைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடுகிற ரேடியாலஜிஸ்ட் அவர். இருட்டறை, ரெண்டு பெரிய திரை, வாய் நிறைய வசவு. அதுதான் டாக்டரம்மா.

"டாக்டர், ஒரே ஒரு படம். வீட்டு ஆளு. இதுல என்ன தெரியுதுன்னு..."

டாக்டரம்மா போனைக் கையிலேயே வாங்கவில்லை. "நீயுமா? ஊர்ல இருக்கிறவன் கேக்குறான்னா புரியுது, நீயுமா?"

"சும்மா பாத்து..."

"சும்மா பாக்குறதுன்னு ஒண்ணு கிடையாது. இது எக்ஸ்ரே இல்ல, எக்ஸ்ரேயோட போட்டோ. பேரு இருக்கா? எந்த வயசு? இடது வலது அடையாளம் எங்க? வெட்டிட்டுத்தான எடுத்திருக்காங்க? ஃபிலிம்ல நூறு சாம்பல் நிறம் இருக்கும், போன் அதை அமுக்கி அமுக்கிப் பத்தாக்கிடும். இருக்கிறது மறைஞ்சிடும், இல்லாதது முளைச்சிடும். என் திரையில நான் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைச்சு, எலும்புக்குப் பின்னாடி, இதயத்துக்குப் பின்னாடி எல்லாம் தேடிப் பாப்பேன். பழைய படம் இருந்தா பக்கத்துல வச்சு ஒப்பிடுவேன். இருமல் இருக்கா, காய்ச்சல் இருக்கா, எடை குறைஞ்சிருக்கான்னு கேப்பேன். சந்தேகம் வந்தா வேற கோணத்துல எடுக்கச் சொல்லுவேன். இவ்வளவும் பண்ணித்தான் கையெழுத்துப் போடுவேன். அந்தக் கையெழுத்துக்கு நாளைக்கு என் கழுத்தைப் பிடிக்கலாம். போட்டோவைப் பாத்து வாயால சொன்னதுக்கு யார் கழுத்தைப் பிடிப்பே?"

பெரியவள் தன் கழுத்தைத் தொட்டுக்கொண்டாள். பிறகு நடந்ததைச் சொன்னாள். வட்டத்தைச் சொன்னாள், தனித் தட்டைச் சொன்னாள், பையனைப் பிரித்து வைத்திருப்பதைச் சொன்னாள். கடுகளவு சந்தோஷத்தை மட்டும் சொல்லவில்லை.

டாக்டரம்மா நாற்காலியைத் திருப்பினார். "ஆயிரம் வேரைக் கண்டவன் அரை வைத்தியன்னு சொல்லுவாங்க. நீ வேரையும் காணல, ஆயிரம் பேரைக் கொல்லக் கிளம்பிட்டே. சரி, டி.பி.யே இருக்குன்னு வச்சுக்கோ. பாலை நிறுத்துன்னு எந்த டாக்டர் சொன்னா? பால்ல அது போகாது. சளியைப் பரிசோதிக்கணும், மாத்திரை கொடுக்கணும், முகக்கவசம் போட்டுக்கிட்டுப் பால் கொடுக்கலாம். இதை யாராவது டாக்டர்கிட்ட கேட்டீங்களா? அவளைக் கூட்டிட்டு வா. அந்த ஃபிலிமையும் கொண்டுவரச் சொல்லு."

கூட்டிட்டு வா என்று சொல்வது சுலபம். ரெண்டு வருஷம் பேசாத வாசலில் போய் நின்று, 'வா, போகலாம்' என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள். சின்னவள் மறுபேச்சுப் பேசாமல் கொழுந்தனோடு பின்னால் வண்டியில் வந்தாள். வழியெல்லாம் இவள் முதுகைத்தான் முறைத்துக்கொண்டு வந்திருப்பாள், பெரியவளுக்கு முதுகு எரிந்தது.

எக்ஸ்ரே அறைக்குள் ரெண்டு பேர் மட்டும். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. சட்டம் சட்டம்தான், பெண்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதைக் கேட்காமல் பட்டனைத் தொட முடியாது. தினமும் முப்பது பேரிடம் கேட்கிற கேள்வி, அன்றைக்கு நாக்கில் ஒட்டிக்கொண்டது.

"கர்ப்பமா இருக்க வாய்ப்பு இருக்கா? கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சே?"

சின்னவள் நிமிர்ந்தாள். "ஏன்? என் வயிறும் வெந்துடும்னா?"

அந்த வார்த்தை இத்தனை நாள் கழித்து, சொன்னவள் வாயிலிருந்தே திரும்பி வந்தது. சின்னவளுக்கும் அது தெரியும், தெரிந்துதான் எடுத்தாள்.

"இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"இல்ல."

சங்கிலியைக் கழற்றச் சொன்னாள். பின்னலைத் தூக்கி உச்சியில் கட்டிவிட்டாள், முடி நிழல் நெஞ்சில் விழுந்தால் அதுவும் நோய் மாதிரித் தெரியும். மோவாயைப் படம் விழுகிற தட்டுக்கு மேலே வைத்தாள், கைகளை இடுப்பில் வைத்துத் தோளை முன்னே தள்ளினாள். அப்போதுதான் கவனித்தாள். சின்னவளின் ரவிக்கை முன்பக்கம் நனைந்து காய்ந்திருந்தது. இவள் கை பட்டதும் பல்லைக் கடித்தாள். பால் கட்டி மார்பு கல்லாக இருந்தது.

"வலிக்குதா?"

"படத்தைப் புடிங்க."

கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்றாள். "மூச்சை நல்லா இழு. பிடி. விடு." பட்டனை அழுத்தினாள்.

பக்கத்து அறையில் டாக்டரம்மா காப்பகத்து ஃபிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டி, புதுப் படத்தைத் திரையில் போட்டு, ரெண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பெரிதாக்கினார், இருட்டாக்கினார், வெளுப்பாக்கினார். இருமல் உண்டா, ராத்திரியில் வேர்க்குமா, எடை குறைந்ததா, வீட்டில் யாருக்காவது இருந்ததா என்று கதவைத் திறந்துவைத்துக்கொண்டே சின்னவளிடம் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை. "இது எலும்போட முனை மாதிரிதான் இருக்கு. ஆனா மாதிரின்னு நான் எழுதமாட்டேன். உச்சியைக் காட்டு. சாய்ச்சு எடு."

மறுபடி அறைக்குள். தட்டுக்கு ஓரடி முன்னால் நிற்கவைத்து, முதுகை வில்லாக வளைத்து, தோள் மட்டும் தட்டில் படும்படி பின்னால் சாய்க்க வேண்டும். அப்போதுதான் கழுத்துப்பட்டை எலும்பு மேலே போய் நுரையீரலின் உச்சி மறைவில்லாமல் தெரியும். சாயும்போது தடுமாறுவார்கள், ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும். பெரியவள் அவள் தோளைப் பிடித்து மெல்லச் சாய்த்தாள். அப்படி அண்ணாந்து, விழுந்துவிடுவோமோ என்ற பயத்தோடு, தன்னைப் பிடிக்காதவள் கையையே பிடித்துக்கொண்டு நின்றாள் சின்னவள்.

"இப்ப சொல்லுங்க. என்ன தெரியுது?"

"எனக்குத் தெரியாது."

"அன்னைக்குத் தெரிஞ்சுது?"

"அன்னைக்கும் தெரியாது. சாஞ்சபடியே இரு, ஆடாதே." கையை விடுவித்துக்கொண்டு கண்ணாடிக்குப் பின்னால் போனாள்.

வெளியே பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கதவைத் திறந்துகொண்டு டாக்டரம்மாவே வந்தார், கையில் கையெழுத்துப் போட்ட தாள். கூடத்தில் நாலு பேர் கேட்கிற மாதிரிதான் அவர் எப்போதும் பேசுவார்.

"நுரையீரல் ரெண்டும் சுத்தம். உச்சியிலயும் ஒண்ணும் இல்ல. முதல் விலா எலும்பு முன்னாடி வந்து நெஞ்செலும்போட சேர்ற இடத்துல குருத்தெலும்பு கொஞ்சம் சுண்ணாம்பு கட்டியிருக்கு. பல பேருக்கு இருக்கும். ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைச்சல், அதான் ஏமாத்துது. சாய்ச்சு எடுத்ததும் எலும்போட சேந்து மேல போயிடுச்சு, நுரையீரல்ல இருந்தா அப்படிப் போகாது. நோய் இல்ல. மருந்து இல்ல. வீட்டுக்குப் போயி பிள்ளைக்குப் பால் கொடு." பெரியவள் பக்கம் திரும்பினார். "நீ எலும்பைச் சுத்தி வட்டம் போட்டிருக்கே, தாயே."

கொழுந்தன் கைகூப்பினான். சின்னவள் கும்பிடவுமில்லை, அழவுமில்லை. தாளை வாங்கி நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டில் மாமியார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு அதில் ஒரு எழுத்தும் விளங்காது, ஆனாலும் கையெழுத்தைத் தடவிப் பார்த்தாள். "நல்லா இருந்தா சரி. எல்லாம் பிள்ளையோட நல்லதுக்குத்தானே பண்ணினேன்" என்று சொல்லிப் பையனைத் தாய் மடியில் போட்டாள். காப்பகத்து அம்மாவுக்குக் கொழுந்தன் போன் போட்டான். "ரொம்ப சந்தோஷம்ப்பா. ஆனா பேரண்ட்ஸ் எல்லாம் அந்த வட்டம் போட்ட படத்தைப் பாத்துட்டாங்க. ரிப்போர்ட்டை யார் படிக்கப் போறாங்க? கொஞ்ச நாள் போகட்டும்" என்றாள் அவள். கொஞ்ச நாள் என்றால் என்ன என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

பெரியவள் மாடிப்படியின் பாதியில் நின்றிருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது. சின்னவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பையனை மார்போடு அணைத்தாள். பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் தலையைப் பிடித்து மறுபடி வைத்தாள். அவன் வீறிட்டான், முதுகை வளைத்துப் பின்னால் சாய்ந்து, பாட்டி கையிலிருந்த பாட்டிலைப் பார்த்துக் கை நீட்டினான். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. அவனுக்குப் பழக்கம் விட்டுப்போயிற்று. சின்னவள் பாட்டிலை வாங்கி அவன் வாயில் வைத்தாள். அவன் கப்பென்று பிடித்துக்கொண்டு சமர்த்தாகக் குடித்தான். அவள் ரவிக்கையில் ஈரம் பரவிக்கொண்டே இருந்தது.

நான்தான், என்று நினைத்தாள் பெரியவள். அவளுடைய வாய் என் வயிற்றைச் சுட்டது, என்னுடைய விரல் அவள் மாரைச் சுட்டது. இப்போது கணக்கு நேராகிவிட்டது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள்.

போன் துள்ளியது. குடும்பத்து குரூப். அனுப்பியது சின்னவள். ரிப்போர்ட்டைத் தரையில் விரித்துப் போட்டோ எடுத்திருந்தாள், இந்தத் தடவை வெளிச்சம் விழாமல், நேராக, பெயரும் கையெழுத்தும் தெரிகிற மாதிரி. கடைசி வரியைச் சுற்றி விரலால் ஒரு சிவப்பு வட்டம். கீழே கேள்வி. அதில் அக்கா இல்லை.

"இதுல என்ன தெரியுது?"

பார்த்தவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. டி.பி. என்றவர் பார்த்தார், கட்டி என்றவர் பார்த்தார், சிநேகிதர் செத்த கதை சொன்னவரும் பார்த்தார். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் அவளுக்காகத்தான் காத்திருந்தார்கள், படம் தெரிந்தவள் அவள் ஒருத்திதானே.

பெரியவள் எழுதினாள்: "நோய் இல்ல. அது விலா எலும்பு. எனக்குப் படிக்கத் தெரியாது, தெரிஞ்ச மாதிரி வட்டம் போட்டேன். தப்பு என்னோடது."

அனுப்பினாள். ஜன்னலுக்குள் சின்னவளின் போன் ஒருமுறை ஒளிர்ந்தது. அவள் எடுத்துப் படித்தாள். படித்துவிட்டு, பையன் குடித்துக்கொண்டிருந்த பாட்டிலைக் கீழே வைக்காமலே, இன்னொரு கையை நீட்டி ஜன்னலைச் சாத்தினாள்.